அட்வான்ஸ் அனுப்பும் முன் எழுத வேண்டிய மின்னஞ்சல்

புது ஃபிளாட்டின் சாவி கைக்கு வந்த சில நாட்களிலேயே இன்டீரியர் டிசைனரின் கொட்டேஷனும் வந்துவிடும். பெரும்பாலும் இரண்டு பக்கம்தான். ‘மாடுலர் கிச்சன், எல் வடிவம்: ரூ.2,10,000. மாஸ்டர் பெட்ரூம் வார்ட்ரோப், லாஃப்டுடன்: ரூ.75,000. டி.வி. யூனிட், பூஜை அலமாரி, ஹாலில் ஃபால்ஸ் சீலிங்...’ இப்படி வரிசையாகப் போய்க் கடைசியில் மொத்தம் ரூ.6,50,000 என்று முடியும். அதன் கீழே ‘புக்கிங் தொகை 10 சதவீதம்’ என்றும் ஒரு வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கும். முப்பரிமாணப் படங்கள் அழகாக இருக்கின்றன, டிசைனரும் பொறுமையாகப் பேசுகிறார். வீட்டுக்காரர் அன்றிரவே பணத்தை அனுப்பிவிடுகிறார்.

அந்த இரண்டு பக்கங்களில் எழுதப்படாத விஷயங்கள்தான் பின்னால் ஒவ்வொன்றாகத் தலைதூக்குகின்றன. சிம்னிக்குச் சுவரில் ஓட்டை போடுவது யார் செலவு? 6,50,000 என்பது ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா? ‘பிளைவுட்’ என்றால் எந்த பிளைவுட்? இந்தக் கேள்விகளை வேலை பாதியில் நிற்கும்போது கேட்டால் சண்டையாகத்தான் முடியும். அதையே பணம் அனுப்பும் முன் ஒரு மின்னஞ்சலில் கேட்டால் பத்து நிமிடப் பேச்சில் தீரும். அந்த மின்னஞ்சலில் என்ன இருக்க வேண்டும் என்பதைச் சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் உள்ள ஒரு இரண்டு படுக்கையறை ஃபிளாட்டை மாதிரியாக வைத்துக்கொண்டு பார்ப்போம். இதில் வரும் விலைகள் கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்டவை. ஊருக்கும் பொருளுக்கும் தகுந்தபடி அவை மாறும்.

முதலில், ஏன் நாம் எழுத வேண்டும்? கொட்டேஷன் என்பது டிசைனர் தன் பக்கத்திலிருந்து சொல்வது. நேரிலும் போனிலும் அவரோடு பேசியதில் நாம் என்ன புரிந்துகொண்டோம் என்பது அதில் இருக்காது. ‘அதெல்லாம் பண்ணிடலாம் சார்’ என்று அவர் சொன்ன பத்து விஷயங்களில் எத்தனை அந்த விலைக்குள் அடங்குகின்றன என்பதை எழுத்தில் கேட்டு வாங்குவதுதான் இந்த மின்னஞ்சலின் வேலை.

சட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம் (1872), ஒப்பந்தம் முத்திரைத்தாளில்தான் இருக்க வேண்டும் என்று பொதுவாகக் கட்டாயப்படுத்தவில்லை. ஒருவர் முன்வைத்ததை இன்னொருவர் மாற்றமின்றி ஏற்றுக்கொள்வதுதான் முக்கியம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008-ம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 10-ஏ பிரிவு, மின்னணு வழியில் உருவாகும் ஒப்பந்தம் அந்தக் காரணத்துக்காக மட்டும் செல்லாமல் போகாது என்கிறது. டிரைமெக்ஸ் இன்டர்நேஷனல் நிறுவனத்துக்கும் வேதாந்தா அலுமினியத்துக்கும் இடையிலான வழக்கில், முறையான ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்து ஆகாத நிலையிலும், மின்னஞ்சல்களில் முடிவான பேச்சை ஒப்பந்தமாகவே உச்ச நீதிமன்றம் 2010-ல் ஏற்றுக்கொண்டது. ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. நாம் அனுப்பியதற்கு எதிர்த்தரப்பு வாய் திறக்காமல் இருந்தால், பொதுவாக அந்த மௌனம் சம்மதம் ஆகாது. ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று பதில் வர வேண்டும்.

மின்னஞ்சல் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இருவருக்கும் புரியும் மொழி போதும். தொடக்கம் எளிமையாக இருக்கலாம்:

“வணக்கம் மேடம். தங்கள் கொட்டேஷன் கிடைத்தது. நாம் நேரில் பேசியதை நான் புரிந்துகொண்டபடி கீழே எழுதியிருக்கிறேன். எதையாவது தவறாகப் புரிந்திருந்தால் அந்த வரியைத் திருத்தி அனுப்புங்கள். எல்லாம் சரியென்றால் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று இதே மின்னஞ்சலுக்குப் பதில் அனுப்புங்கள். பதில் கிடைத்ததும் புக்கிங் தொகையை அனுப்புகிறேன்.”

இதற்குப் பிறகு வருவது வேலையின் எல்லை. எதை எழுதுவது என்று திகைப்பவர்கள் சமையலறையிலிருந்து தொடங்கலாம். வீட்டிலேயே அதிகக் கைகள் படும் இடம் அதுதான். மர வேலை, கல் வேலை, குழாய் வேலை, மின்சார வேலை நான்கும் அங்கே ஒன்றின்மேல் ஒன்றாக வருகின்றன. கொட்டேஷன் பெரும்பாலும் மர வேலையை மட்டும் சொல்லும்.

நம் மாதிரி ஃபிளாட்டில் கட்டுநர் ஏற்கெனவே கிரானைட் மேடை போட்டுக் கொடுத்திருக்கிறார். மேடையைக் கடப்பா கல் பலகைகள் தாங்குகின்றன. மாடுலர் பெட்டிகள் உள்ளே போக வேண்டுமென்றால் அந்தக் கடப்பா பலகைகளில் சிலவற்றை எடுக்க வேண்டியிருக்கும். அவற்றை எடுப்பது யார்? எடுக்கும்போது கிரானைட்டில் விரிசல் விட்டால் யார் பொறுப்பு? உடைத்த கல்லை மூட்டை கட்டி லிஃப்டில் இறக்கி, வண்டி வைத்து அப்புறப்படுத்துவது யார்? ஹாப் அடுப்பு பதிக்கக் கிரானைட்டை வெட்டுவதும், சிம்னிக் குழாய்க்கு வெளிச்சுவரில் துளை போடுவதும் மர வேலைக்காரர் செய்வதில்லை. அதற்கென்று இயந்திரம் வைத்திருக்கும் ஆள் தனியாக வர வேண்டும். சிம்னிக்கும் ஓவனுக்கும் பிளக் பாயின்ட் வேண்டும். சுவரைக் குடைந்து வயர் இழுத்தபின் அந்தக் காடியைப் பூசுவது ஒரு வேலை, அதன்மேல் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பது இன்னொரு வேலை. இவற்றில் எதுவுமே பெரிய செலவு கிடையாது. ஆனால் எல்லாம் சேரும்போது கணிசமான தொகையாகிறது. அதைவிட, யார் செய்வது என்ற தகராறில் வேலை நாட்கணக்கில் நின்றுபோகிறது.

அதனால் மின்னஞ்சலில் ‘சேர்ந்தது’ என்று ஒரு பத்தியும் ‘சேராதது’ என்று ஒரு பத்தியும் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் இரண்டாவது பத்திதான் மேலும் முக்கியம். அதைப் படிக்கும்போதுதான் டிசைனரும் ‘இது நாங்கள் செய்வதில்லையே’ என்று முன்கூட்டியே சொல்வார்.

“சமையலறை: மேடைக்குக் கீழ் 16 அடி நீளத்துக்குப் பெட்டிகள். அதில் டான்டம் டிராயர் மூன்று, சிலிண்டர் பெட்டி ஒன்று, சிங்க்குக் கீழ் பெட்டி ஒன்று, மற்றவை கதவு வைத்த பெட்டிகள். கடப்பா பலகைகளை எடுப்பது, இடிபாடுகளை அப்புறப்படுத்துவது, ஹாப்புக்குக் கிரானைட் வெட்டுவது, சிம்னித் துளை, மூன்று புதிய மின் பாயின்ட், அவற்றின் பூச்சு வேலை ஆகியவை இந்த விலைக்குள் அடங்கும். சிம்னி, ஹாப், சிங்க், குழாய்கள் ஆகியவற்றை நான் வாங்கித் தருவேன்; பொருத்துவது தங்கள் பொறுப்பு. காடி பூசிய இடத்துக்கு மேல் சமையலறைக்கு முழுதாகப் பெயின்ட் அடிப்பது இதில் சேராது.”

டிராயர்களின் எண்ணிக்கையை எழுதுவதற்குக் காரணம் உண்டு. மெதுவாக மூடும் டான்டம் டிராயருக்கும் சாதாரணக் கதவு வைத்த பெட்டிக்கும் விலையில் பெரிய வித்தியாசம். முப்பரிமாணப் படத்தில் வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் வெறும் பலகையாகத்தான் தெரியும். ‘பிராண்டட் ஹார்டுவேர்’ என்ற சொல்லும் அப்படித்தான். எந்த நிறுவனம், அதன் எந்த வரிசை, எத்தனை என்று எழுதாவிட்டால் அந்தச் சொல்லால் யாரையும் எதற்கும் பொறுப்பாக்க முடியாது.

அடுத்தது பிளைவுட். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் கணக்கில், ஈரப்பதத்தை ஓரளவே தாங்கும் எம்.ஆர். ரகம் ஐ.எஸ். 303 தரத்தின் கீழ் வரும். கொதிநீரிலும் பிரியாத பசை போட்ட பி.டபிள்யூ.பி. ரகம், மரைன் பிளை என்று அறியப்படுவது, ஐ.எஸ். 710 தரத்தின் கீழ் வரும். கடைக்காரர்கள் ‘710’ என்று எண்ணைச் சொல்லியே விற்பதைக் கேட்டிருப்பீர்கள். படுக்கையறை அலமாரிக்கு எல்லா இடத்திலும் 710 தேவை என்று நான் நினைக்கவில்லை. சமையலறைக்கும், குளியலறைச் சுவரை ஒட்டி நிற்கும் வார்ட்ரோபுக்கும் அது தேவை. மின்னஞ்சலில் எந்தப் பெட்டிக்கு எந்தத் தரம், எத்தனை மில்லிமீட்டர் கனம், முதுகுப் பலகை எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதுங்கள். பக்கப் பலகை 18 மி.மீ. என்று பேசிவிட்டு முதுகுப் பலகையைப் பற்றி எதுவும் பேசாமல் விடுவது வழக்கம். கனம் குறைந்த, தரம் தாழ்ந்த பலகை அங்கேதான் போய்ச் சேரும்.

எழுதியதுதான் வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டிலேயே ஆசாரி அறுத்துச் செய்யும் வேலையாக இருந்தால் சுலபம். எட்டுக்கு நான்கு அடி ஷீட்டின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தர எண்ணும் உரிம எண்ணும் அச்சாகியிருக்கும். அந்த உரிம எண்ணைத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்க்கலாம். தொழிற்சாலையில் செய்து கொண்டுவரும் மாடுலர் பெட்டிகளில் இதற்கு வழியில்லை. மேலே லேமினேட் ஒட்டி, ஓரங்களில் பட்டை ஒட்டித்தான் அவை வந்து இறங்கும். அதனால், லேமினேட் ஒட்டும் முன் முத்திரை தெரியும்படி ஷீட்டுகளைப் படம் எடுத்து அனுப்பவும், வாங்கிய பில்லின் நகலைத் தரவும் முன்கூட்டியே கேட்டு எழுதிவிட வேண்டும். பெட்டிகள் வந்த பிறகும் பார்க்க ஓர் இடம் உண்டு. சிங்க்குக் கீழ் குழாய் போவதற்காகப் பலகையில் வெட்டிய துளையின் உள்விளிம்பு பெரும்பாலும் பட்டை ஒட்டாமல் இருக்கும். அங்கே டார்ச் அடித்துப் பாருங்கள். பிளைவுட் என்றால் மெல்லிய மர அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். அடுக்கே இல்லாமல் தூளை அழுத்தியது போல் இருந்தால் அது வேறு பலகை. நாம் கேட்டது பிளைவுட் என்று எழுத்தில் இருந்தால், அந்த இடத்திலேயே ‘இதை மாற்றுங்கள்’ என்று உறுதியாகச் சொல்லலாம்.

இப்போது அளவுக்கு வருவோம். ‘சதுர அடி 1,500 ரூபாய்’ என்று ஒருவரும் ‘சதுர அடி 450 ரூபாய்’ என்று இன்னொருவரும் சொன்னால், இரண்டாமவர் மலிவு என்றுதான் தோன்றும். எந்தச் சதுர அடி என்று கேட்டால்தான் உண்மை தெரியும். நம் மாஸ்டர் பெட்ரூம் வார்ட்ரோப் 6 அடி அகலம், 7 அடி உயரம், 2 அடி ஆழம். முன்பக்கத்தை மட்டும் அளந்தால் 42 சதுர அடி. 1,500 ரூபாய் வீதம் 63,000. மேலே லாஃப்ட் 6 அடிக்கு 2 அடி, 12 சதுர அடி. அதற்கு 1,000 ரூபாய் வீதம் 12,000. இரண்டும் சேர்ந்து கொட்டேஷனில் இருந்த 75,000 ரூபாய் சரியாக வருகிறது.

இரண்டாமவர் பலகை பலகையாக அளக்கிறார். லாஃப்டை விட்டுவிட்டு வார்ட்ரோபை மட்டும் பார்ப்போம். இரண்டு பக்கப் பலகை 28 சதுர அடி, மேலும் கீழும் 24, முதுகு 42, கதவுகள் 42, நடுத்தடுப்பு 14. ஒவ்வொன்றும் மூன்றுக்கு இரண்டு அடியாக நான்கு தட்டுகள், 24. கூட்டினால் 174 சதுர அடி. 450 ரூபாய் வீதம் 78,300. மலிவாகத் தெரிந்த விலை அதே வார்ட்ரோபுக்கு 15,300 ரூபாய் அதிகமாகிறது. இன்னும் ஒரு தட்டு வேண்டும் என்று நீங்கள் கேட்டால் விலை மேலும் ஏறும். இரண்டு அளவு முறைகளுமே புழக்கத்தில் உள்ளவைதான், எதுவும் ஏமாற்று இல்லை. ஆனால் எந்த முறை என்பது எழுத்தில் இருக்க வேண்டும். ‘முன்பக்கப் பரப்பு மட்டுமே அளவு; உள்ளே உள்ள தட்டுகள், தடுப்பு, இரண்டு டிராயர், துணி மாட்டும் கம்பி ஆகியவை இந்த விலைக்குள் அடங்கும்’ என்ற ஒரு வரி போதும். வேலை முடிந்தபின் இருவரும் சேர்ந்து டேப் பிடித்து அளந்து, கூடினாலும் குறைந்தாலும் அதே வீதத்தில் கணக்குப் பார்ப்பது என்றும் சேர்த்துக்கொள்ளலாம்.

வரியையும் இங்கேயே முடித்துவிட வேண்டும். இன்டீரியர் வேலைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். நம் 6,50,000 ரூபாய்க்கு அது 1,17,000. வரி சேர்த்து 7,67,000 ரூபாய். கொட்டேஷனின் அடியில் சின்ன எழுத்தில் ‘வரி தனி’ என்று இருந்தால் அந்த 1,17,000 ரூபாயை நீங்கள் கடைசியில்தான் பார்ப்பீர்கள். ‘பில் இல்லாமல் கொடுத்தால் ஜி.எஸ்.டி. வேண்டாம்’ என்று சிலர் சொல்வார்கள். அதற்கு இணங்காதீர்கள். பில் இல்லாத வேலையில் ஏதாவது பழுது வந்தால், அந்த வேலை நடந்ததற்கே நம்மிடம் ஆதாரம் இருக்காது. பணம் நிறுவனத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே போகட்டும். ஒரே வேலைக்காக 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமும் தடுக்கிறது.

இனி தவணை. பல நிறுவனங்களின் வழக்கமான அட்டவணை ஏறக்குறைய இப்படி இருக்கும்: புக்கிங்குக்கு 10 சதவீதம், டிசைன் முடிவானதும் 50, தொழிற்சாலையிலிருந்து பொருள் கிளம்பும் முன் 35, எல்லாம் முடிந்ததும் 5. படிக்கும்போது நான்கு தவணையாக நியாயமாகத்தான் தெரிகிறது. நம் 7,67,000 ரூபாயில் போட்டுப் பாருங்கள். ஒரு பலகைகூட வீட்டு வாசலை மிதிக்கும் முன்பே 7,28,650 ரூபாய் போய்விடுகிறது. நம் கையில் மிஞ்சுவது 38,350. வந்த பெட்டி அளவு தவறி இருந்தாலும், லேமினேட்டின் நிறம் மாறியிருந்தாலும், பொருத்த வரும் ஆட்கள் இரண்டு வாரம் வராமல் போனாலும், அவர்களை வரவழைக்க நம்மிடம் இருப்பது அந்தத் தொகை மட்டுமே. இன்னொரு வீட்டில் பெரிய தவணை காத்திருக்கும்போது ஆட்கள் அங்கே போவதில் வியப்பில்லை.

டிசைனர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். சிறிய அளவில் தொழில் செய்பவரிடம் கையிருப்பு அதிகம் இருக்காது. நம் வீட்டுக்கான பிளைவுட், லேமினேட், சேனல், கீல் எல்லாவற்றையும் அவர் பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். நம் சமையலறை அளவுக்கு அறுத்த பலகையை வேறு வீட்டுக்கு விற்கவும் முடியாது. ஆகவே முழுதும் முடிந்தபின்தான் பணம் என்று நாம் பிடிவாதம் பிடிப்பது நியாயமில்லை. அறுக்கத் தொடங்கும் முன் பாதித் தொகை என்பது சரியான கோரிக்கைதான். மீதிப் பாதி எப்போது போகிறது என்பதில்தான் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

நான் பரிந்துரைப்பது இது. புக்கிங்குக்கு 10 சதவீதம், 76,700 ரூபாய். இறுதி அளவெடுத்து, வரைபடங்களில் இருவரும் கையெழுத்திட்டு, லேமினேட் நிறங்களும் முடிவானபின் 40 சதவீதம், 3,06,800. பெட்டிகள் வீட்டுக்கு வந்து, வரைபடத்தோடு ஒப்பிட்டு எண்ணிச் சரிபார்த்தபின் 25 சதவீதம், 1,91,750. எல்லாப் பெட்டிகளும் கதவுகளும் டிராயர்களும் பொருத்தி, ஹாப்பும் சிம்னியும் சிங்க்கும் இயங்கும்போது 15 சதவீதம், 1,15,050. குறைப்பட்டியலில் உள்ளவை அனைத்தும் சரிசெய்யப்பட்டபின் கடைசி 10 சதவீதம், 76,700. பெட்டிகள் வந்து இறங்கும் நாள்வரை நாம் கொடுத்திருப்பது 3,83,500. அதன்பின் ஒவ்வொரு தவணையும் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு வேலைக்குப் பின்னால்தான் போகிறது.

‘கண்ணால் பார்க்கக்கூடிய’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். ‘80 சதவீத வேலை முடிந்ததும்’ என்று எழுதினால் அந்த எண்பதை யார் அளப்பது? அவருக்கு எண்பதாகத் தெரிவது நமக்கு ஐம்பதாகத் தெரியும். ‘ஏப்ரல் 15-ம் தேதி 40 சதவீதம்’ என்று தேதியைக் கட்டினாலும் சிக்கல்தான். வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் அந்தத் தேதி வந்துவிடும். வீட்டுக்குள் நடந்து பார்க்கும் எவரும் ஆம், இல்லை என்று சொல்லிவிடக்கூடிய நிகழ்ச்சியோடுதான் பணத்தைக் கட்ட வேண்டும்.

பெரிய நிறுவனங்கள் ‘எங்கள் அட்டவணையை மாற்ற முடியாது’ என்று சொல்லக்கூடும். அப்போதும் கேட்க ஒன்று இருக்கிறது. பொருள் கிளம்பும் முன் கேட்கும் 35 சதவீதத்தை, அதாவது 2,68,450 ரூபாயை, இரண்டாகப் பிரியுங்கள் என்று கேட்கலாம். கிளம்பும் முன் 1,34,225, வீட்டில் எண்ணிப் பார்த்தபின் மீதி. இதற்கும் மறுப்பவர்களிடம் கடைசித் தவணையை ஐந்திலிருந்து பத்து சதவீதமாக்கவாவது கேளுங்கள். எதற்குமே இசையாத இடத்தில், எவ்வளவு அழகான படம் காட்டினாலும், நான் வேலை கொடுக்க மாட்டேன்.

கடைசிப் பத்து சதவீதத்துக்குச் சில வரிகள் கூடுதலாக எழுத வேண்டும். வேலை ‘முடிந்தது’ என்று எப்போது சொல்வது என்பதை வரையறுக்காவிட்டால், நாம் சின்னக் கீறலைக் காட்டி மாதக்கணக்கில் பணத்தை நிறுத்தி வைப்போமோ என்று டிசைனர் பயப்படுவார். அந்தப் பயம் நியாயமானது.

“பொருத்தும் வேலை முடிந்ததாகத் தாங்கள் தெரிவித்த 7 நாட்களுக்குள் நாம் இருவரும் சேர்ந்து வீட்டைப் பார்த்து ஒரே குறைப்பட்டியல் எழுதுவோம். சிங்க்கை நிரப்பித் திறந்துவிட்டுக் கசிவு பார்ப்பதும், எல்லாக் கதவு, டிராயர்களையும் திறந்து மூடிப் பார்ப்பதும் அதில் அடங்கும். பட்டியலில் உள்ளவை சரியானதும் 3 நாட்களில் மீதி 10 சதவீதத்தை அனுப்பிவிடுவேன். அதன்பின் தெரியவரும் குறைகள் ஓராண்டு உத்தரவாதத்தின் கீழ் வரும். அவற்றுக்காகப் பணத்தை நிறுத்த மாட்டேன்.”

புக்கிங் தொகை திரும்பக் கிடைக்குமா என்பதும் இங்கேதான் வர வேண்டும். டிசைன் பிடிக்காமல் விலகினால் வரைபடங்களுக்காக எவ்வளவு பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள்? ஒரு தொகையைச் சொல்லச் சொல்லுங்கள். மூளையால் செய்த வேலைக்கும் கூலி உண்டு. ஆனால் அது எவ்வளவு என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

காலக்கெடுவில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 45 நாள் என்றால் எந்த நாளிலிருந்து? புக்கிங் நாளிலிருந்து என்று நாம் நினைத்திருப்போம். வரைபடத்தில் கையெழுத்தாகி இரண்டாம் தவணை வந்த நாளிலிருந்து என்று அவர் நினைத்திருப்பார். இரண்டாவதுதான் முறையானது, ஏனென்றால் நிறத்தை முடிவு செய்யாமல் இழுப்பது பெரும்பாலும் வீட்டுக்காரர்கள்தான். அந்தக் கெடுவைத் தாண்டினால் முழு வாரத்துக்கு அரை சதவீதம், அதிகபட்சம் ஐந்து சதவீதம் கழிவு என்று எழுதிக்கொள்ளலாம். நம் கணக்கில் வரி நீங்கலான தொகைக்கு வாரம் 3,250 ரூபாய், உச்சம் 32,500. இப்படி முன்கூட்டியே தொகை குறிப்பிட்டிருந்தால், ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி அந்த உச்சத்துக்குள் நியாயமான இழப்பீட்டைக் கோரலாம். நிறம் தேர்வு செய்வதிலோ தவணை அனுப்புவதிலோ நாம் தாமதித்தால் அத்தனை நாள் கெடு தள்ளிப்போகும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுக்குமாடி அசோசியேஷன் வேலை நேரத்துக்கும் லிஃப்டுக்கும் விதி வைத்திருந்தால் அதன் நகலையும் இணைத்துவிடுங்கள்.

எல்லாத் திட்டமும் குலைவது இடையில் வரும் மாற்றங்களால்தான். வேலை நடக்கும்போது வீட்டுக்கு வந்த அத்தை ‘இங்கே ஒரு செருப்பு அலமாரி வைத்தால் என்ன?’ என்பார். ஆசாரியும் தலையாட்டுவார். ஆசாரி சொன்ன விலை ஒன்றாகவும் டிசைனர் பில்லில் வரும் விலை வேறாகவும் இருக்கும். இதற்கு மின்னஞ்சலில் ஒரே விதி போதும்: எந்தக் கூடுதல் வேலையும், அதன் விலையும், அதனால் கூடும் நாட்களும் எழுத்தில் வந்து நான் ‘சரி’ என்று பதில் அனுப்பியபின்தான் தொடங்க வேண்டும், வேலையாட்களிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. இது நமக்கும் பொருந்தும். நாமும் ஆசாரியிடம் நேரே போய் எதையும் மாற்றச் சொல்லக் கூடாது.

இவ்வளவும் எழுதினால் இரண்டு பக்கம் வரும். கொட்டேஷனையும் வரைபடங்களையும் அதே மின்னஞ்சலில் இணைத்து, கொட்டேஷனும் இந்த மின்னஞ்சலும் முரண்படும் இடத்தில் மின்னஞ்சலே செல்லும் என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். டிசைனர் வாட்ஸ்அப்பில் ‘ஓகே சார்’ என்று அனுப்பினால், அதே சொல்லை மின்னஞ்சலுக்குப் பதிலாக அனுப்பக் கேளுங்கள். எதற்குச் சம்மதித்தார் என்பது அங்கேதான் அதே இழையில் சேர்ந்து இருக்கும். ஏதாவது வரியைத் திருத்தி அனுப்பினால் கோபப்பட வேண்டாம். அது அவர் கவனமாகப் படித்ததற்கு அடையாளம். திருத்தத்தை ஏற்றுக்கொண்டால் நீங்களும் ‘ஏற்கிறேன்’ என்று பதில் போட்டு முடியுங்கள்.

பிறகு எப்போதாவது தகராறு முற்றினால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, 2 ஆண்டுகளுக்குள், இணையவழியாகவும் புகார் செய்யலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் இல்லை. 10 லட்சம்வரை 200 ரூபாய்தான். அங்கே முதலில் கேட்கப்படுவது என்ன பேசினீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதற்கான எழுத்துதான். ஆகவே டிசைனரின் பதில் உங்கள் இன்பாக்ஸில் வந்து சேரும்வரை அந்த 76,700 ரூபாய் உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும்.